அப்பாவின் மெயிலைப் பார்க்க அப்பாவின் பாஸ்வேர்டு வேண்டாம்

கேள்வி: என் அப்பாவுக்கு 79 வயது. மந்தைவெளியில் தனியாக இருக்கிறார். நான் மேடவாக்கத்தில், அண்ணன் நியூஜெர்சியில். பென்ஷன், எஃப்.டி., வருமான வரி, மெடிக்ளெய்ம் எல்லாம் அவருடைய ஜிமெயிலுக்குத்தான் வருகிறது. போன மாதம் வரித்துறையிலிருந்து வந்த ஒரு மெயிலை அவர் கவனிக்கவே இல்லை. பாஸ்வேர்டை டைரியில் எழுதி வைத்திருக்கிறார். எனக்கும் அண்ணனுக்கும் தெரியும். நாங்கள் உள்ளே போகும்போதெல்லாம் அவர் போனில் ஏதோ கேட்கிறது. உடனே போன் செய்து "யெஸ் அமுக்குங்கப்பா" என்கிறோம். இது சரியில்லை என்று மனதுக்குப் படுகிறது. பாஸ்வேர்டு இல்லாமலே அவர் மெயிலை நான் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறதா? அப்பாவுக்குச் சம்மதம்தான்.
— ஒரு மகள், மேடவாக்கம்

அன்புள்ள சகோதரிக்கு,

வழி இருக்கிறது. காசு செலவில்லை, புதிதாக எதையும் இறக்கி நிறுவ வேண்டியதில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் அந்த "யெஸ் அமுக்குங்கப்பா" பற்றிப் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்தது அந்த வரிதான்.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. அம்மாவின் பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. நான் உள்ளே போகும்போது அவருக்கு ஒரு எண் வரும், போன் செய்து கேட்பேன், அவர் வாசித்துச் சொல்வார். ஒருநாள் வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் பேசினான். அவன் கேட்ட எண்ணையும் வாசித்துச் சொல்லிவிட்டார். கணக்கிலிருந்து பணம் போனது. "ஏம்மா சொன்னீங்க?" என்று கேட்டதற்கு அம்மா சொன்ன பதில், "நீயும் இப்படித்தானேப்பா கேப்பே?" கணினிப் பாதுகாப்புதான் என் தொழில். அம்மாவுக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

உங்கள் அப்பாவுக்கும் இப்போது அந்தப் பயிற்சிதான் நடந்துகொண்டிருக்கிறது. போனில் கேள்வி வந்தால் யெஸ், யாராவது அவசரமாகச் சொன்னால் யெஸ். கூகுள் அந்தக் கேள்வியைக் கேட்பதே, பாஸ்வேர்டு வேறொருவர் கையில் சிக்கினாலும் கணக்கு தப்பிக்க வேண்டும் என்பதற்காக. பாஸ்வேர்டு தெரிந்த ஒரு திருடன் நுழைந்தால் அப்பா போனில் வருவதும் அதே கேள்விதான். நியூஜெர்சியிலிருந்து அண்ணன் நுழைவதற்கும் வெளிநாட்டிலிருந்து ஒரு திருடன் நுழைவதற்கும் அவரால் வித்தியாசம் காண முடியாது.

ஆகவே உங்களுக்கு மெயில் தெரிய வேண்டும் என்பது பாதி வேலை. பாஸ்வேர்டையும் ஓ.டி.பி-யையும் பெற்ற பெண்ணேகூட இனி அவரிடம் கேட்கமாட்டாள் என்ற நிலைமையைக் கொண்டுவருவது மீதிப் பாதி. அப்படி ஆகிவிட்டால் அவர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கேட்பவன் யாராக இருந்தாலும் திருடன்.

ஜிமெயிலில் இதற்கு டெலிகேஷன் என்று ஒரு வசதி இருக்கிறது. அப்பா தன் கணக்குக்குள் இருந்தபடியே, "இந்த முகவரிக்காரர் என் அஞ்சல் பெட்டியைப் பார்க்கலாம்" என்று உங்கள் ஜிமெயில் முகவரியைக் குறித்து வைக்கிறார். அதன் பிறகு நீங்கள் உங்கள் பாஸ்வேர்டோடு உங்கள் கணக்கில் நுழைந்து, அங்கிருந்தே அவர் பெட்டியைத் திறக்கலாம். அவர் போனில் எந்தக் கேள்வியும் வராது.

ஃபிளாட்டுகளில் கீழே வரிசையாகத் தபால் பெட்டி இருக்குமே, அதன் சாவியை மட்டும் உங்களிடம் தருவது போல. இன்று நீங்கள் வைத்திருப்பதோ வீட்டுச் சாவி. கூகுள் பாஸ்வேர்டு மெயிலை மட்டும் திறப்பதில்லை. போட்டோக்கள், டிரைவில் போட்டு வைத்த ஆவணங்கள், போன் இப்போது எங்கே இருக்கிறது என்ற தகவல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. குரோமில் "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று கேட்டபோது அவர் சரி கொடுத்திருந்தால், அந்த மற்ற பாஸ்வேர்டுகளும் அங்கேதான். டெலிகேஷனில் மெயிலும் முகவரிப் புத்தகமும் மட்டும்தான் வரும். அவர் பெயரில் சாட் செய்ய முடியாது, பாஸ்வேர்டை மாற்ற முடியாது. மெயிலோடு ஒட்டி வந்த பி.டி.எஃப். திறக்கும். ஆனால் யாரோ அவருக்கு மட்டும் பகிர்ந்த டிரைவ் கோப்பின் இணைப்பு மெயிலில் இருந்தால் அது உங்களுக்குத் திறக்காது. ஏதோ கோளாறு என்று அப்போது நினைத்துவிடாதீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

மெயிலுக்குள் உங்களுக்குக் கிடைக்கும் அதிகாரம் பெரியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா மெயிலும் தெரியும், பழையதும் சேர்த்து. அப்பா முகவரியிலிருந்து பதில் அனுப்பலாம். அழிக்கவும் முடியும். "வங்கி மெயில் மட்டும் பார்க்கட்டும், சொந்தக்காரர் மெயில் வேண்டாம்" என்று பிரித்துக் கொடுக்க இதில் வழி கிடையாது. இதை அப்பாவிடம் தெளிவாகச் சொல்லி, புரிந்துகொண்டு அவர் சரி என்ற பிறகே ஆரம்பியுங்கள். சம்மதம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பழைய நண்பருக்கு அவர் எழுதிய கடிதமும் உங்கள் கண்ணில் படும் என்பதை யோசித்துத்தான் சம்மதித்தாரா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. சில வங்கிகளும் தளங்களும் ஓ.டி.பி-யை மெயிலுக்கும் அனுப்புகின்றன. "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?" என்று அழுத்தினால் வரும் இணைப்பும் மெயிலுக்குத்தான் வருகிறது. அதெல்லாம் உங்கள் கண்ணுக்குத் தெரியும். கூகுள் பாஸ்வேர்டு உங்களிடம் இல்லாவிட்டாலும், மெயிலை நம்பி இருக்கும் மற்ற கணக்குகளின் வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். எனவே டெலிகேஷனை நம்பிக்கையான ஒருவருக்குத்தான் தர வேண்டும். அந்த ஒருவரின் கணக்கும் கெட்டியாக இருக்க வேண்டும். உங்கள் ஜிமெயிலில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு, அதாவது 2-Step Verification, இல்லையென்றால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள். இனி உங்கள் கணக்கை உடைப்பவன் அப்பாவின் பெட்டிக்கும் வந்துவிடுவான்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

உங்கள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மந்தைவெளிக்குப் போங்கள். இந்த ஏற்பாட்டை ஜிமெயில் செயலியில் செய்ய முடியாது, கணினியில் பிரௌசர் வழியாகத்தான் முடியும். போனில் தேடித் தேடி, "எங்களுக்கு அந்த வசதியே வரவில்லை" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் முகவரியாகச் சொந்த ஜிமெயிலைக் கொடுங்கள், அலுவலக முகவரி வேண்டாம். அலுவலகக் கணக்கு நிறுவனத்துக்குச் சொந்தம், வேலை மாறும் அன்றே கையை விட்டுப் போய்விடும்.

பிரௌசரில் ஒரு மறைநிலைச் சாளரத்தை, அதாவது Incognito window-வை, திறந்து அப்பாவின் கணக்கில் நுழையுங்கள். பாஸ்வேர்டை அவரே அடிக்கட்டும். மெதுவாகத்தான் அடிப்பார், பரவாயில்லை. வலது மேல் மூலையில் இருக்கும் பல்சக்கரத்தைச் சொடுக்கி "See all settings", அதில் "Accounts and Import" என்ற தாவல். கீழே கொஞ்சம் இறங்கினால் "Grant access to your account" என்று ஒரு பகுதி வரும். அங்கேதான் எல்லாம்.

"Add another account" என்பதைச் சொடுக்குவதற்கு முன்னால், அதே பகுதியில் இருக்கும் இரண்டு கேள்விகளுக்குப் பதிலைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அப்புறம் வீட்டில் குழப்பம் வருகிறது.

முதல் கேள்வி, நீங்கள் திறந்த மெயில் அப்பாவுக்குப் படித்ததாகத் தெரிய வேண்டுமா, படிக்காததாகவே இருக்க வேண்டுமா என்பது. "Leave conversation unread when opened by others" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் புது மெயில் என்று கண்டுகொள்வார். நீங்கள் காலையில் பார்த்ததால் அது சாதாரண எழுத்துக்கு மாறிவிட்டால், ஏற்கெனவே தான் படித்ததாக நினைத்துக் கடந்துவிடுவார். மெயில் தவறக் கூடாது என்று செய்த ஏற்பாடே மெயிலைத் தவற வைத்துவிடும்.

இரண்டாவது, நீங்கள் அவர் சார்பில் அனுப்பும் மெயிலில் உங்கள் முகவரியும் தெரிய வேண்டுமா என்பது. "Show this address and the person who sent it" என்று இருக்கட்டும். பெறுபவருக்கு அப்பாவின் முகவரியோடு, இன்னார் அனுப்பியது என்றும் தெரியும். அதை மறைப்பதற்கும் வழி இருக்கிறது, ஆனால் வேண்டாம் என்றே சொல்வேன். நாளைக்கு ஒரு தகராறு வந்தால், எது அப்பா எழுதியது எது நீங்கள் எழுதியது என்பது மெயிலைப் பார்த்தாலே தெரிய வேண்டும். நீங்கள் அனுப்புவதெல்லாம் அவருடைய Sent பெட்டியில்தான் சேரும், அவரும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இப்போது "Add another account". உங்கள் ஜிமெயில் முகவரியை அடித்து "Next Step", பிறகு "Send email to grant access". முகவரியை இரண்டு தடவை சரிபாருங்கள். ஒரு எழுத்து மாறினால் அழைப்பு முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்விடும். இந்த இடத்தில் கூகுள் அப்பாவை மறுபடி உறுதிப்படுத்தச் சொல்லிப் போனில் கேள்வி கேட்கலாம். இதற்கு அவர் யெஸ் சொல்லலாம். தன் கண்ணெதிரே தானே செய்யும் காரியம்தானே.

உங்கள் பெட்டிக்கு ஒரு மெயில் வரும், அதில் உள்ள இணைப்பை அழுத்தி ஏற்றுக்கொள்ள வேண்டும். வரவில்லை என்றால் ஸ்பாமில் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் ஏற்காவிட்டால் அந்த இணைப்பு செல்லாது, மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டும். ஏற்றவுடன் அப்பாவின் பெட்டி தெரியவில்லையே என்று பதற வேண்டாம், 24 மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை அப்பாவின் திரையில் உங்கள் முகவரிக்குப் பக்கத்தில் இன்னும் முடியவில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தாலும் தப்பில்லை. திங்கட்கிழமை உங்கள் ஜிமெயிலைக் கணினியில் திறந்து, வலது மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தைச் சொடுக்குங்கள். அங்கே அப்பாவின் முகவரியும் "Delegated" என்ற சொல்லும் இருக்கும். அதை அழுத்தினால் அவர் பெட்டி தனித் தாவலில் திறக்கும்.

அது திறந்த பிறகுதான் அடுத்த வேலை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பழைய வழியை முதலில் அடைத்துவிட்டுப் புதியது திறக்கவில்லை என்றால், திரும்பவும் போன் செய்து எண் கேட்கும் நிலைமை வந்துவிடும்.

அடுத்த ஞாயிறு அப்பா தன் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அவர் அடிக்கும்போது நீங்கள் அடுக்களைப் பக்கம் போய் இரண்டு காபி போட்டுக்கொண்டு வாருங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நீங்கள் எழுந்து போவதை அவர் பார்க்க வேண்டும். மகளே பார்க்காத ஒன்று என்பது அவர் மனதில் பதிவது அப்போதுதான். அவருக்கு மட்டும் அர்த்தமுள்ள நான்கைந்து சொற்களைக் கோத்த நீளமான பாஸ்வேர்டாக இருக்கட்டும். எழுதி வைத்தால்தான் நினைவிருக்கும் என்றால் எழுதட்டும், ஆனால் மேசை டைரியில் வேண்டாம். பத்திரங்கள் இருக்கும் பீரோவில் போகட்டும். பழைய பாஸ்வேர்டு இருந்த டைரிப் பக்கத்தை அவரே கிழித்துப் போடட்டும்.

பாஸ்வேர்டை மாற்றியதும் பெரும்பாலான இடங்களில் அவர் கணக்கு தானாக வெளியேறிவிடும். இருந்தாலும் myaccount.google.com போய் Security பகுதியில் "Your devices" என்ற பட்டியலை ஒருமுறை பாருங்கள். அண்ணன் வீட்டுக் கணினி, உங்கள் பழைய போன் எல்லாம் அதில் இருக்கக்கூடும். ஒவ்வொன்றாக வெளியேற்றிவிடுங்கள். அப்பாவின் போனும் அவர் கணினியும் மட்டும் மிஞ்ச வேண்டும். உங்கள் போனில் அவர் கணக்கைச் சேர்த்து வைத்திருந்தால் அதையும் நீக்குங்கள். பிறகு மீட்புக்கான போன் எண் எது என்று பாருங்கள். யாரோ எப்போதோ செட்டப் செய்துகொடுத்தபோது உங்கள் அண்ணனின் பழைய சென்னை எண்ணைப் போட்டிருப்பார்கள், அந்த எண் இன்று வேறொருவரிடம் இருக்கும். அப்பாவின் எண்ணையே போடுங்கள்.

போன் தொலைந்தால் அவர் எப்படி உள்ளே போவார் என்று கேட்பீர்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பு இருக்கும் அதே இடத்தில் "Backup codes" என்று இருக்கிறது. எட்டு இலக்கங்கள் கொண்ட 10 எண்கள் கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். அச்செடுத்து உறையில் போட்டு ஒட்டி, அதுவும் பீரோவுக்கு. அந்த எண்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்ப வேண்டாம்.

இந்த மாற்றத்துக்குப் பிறகு அப்பாவின் போனில் "Are you trying to sign in?" என்று வந்தால், அந்த நிமிடம் அவரே எங்காவது நுழைந்துகொண்டிருந்தால் தவிர, பதில் எப்போதும் நோ. நீங்களோ அண்ணனோ உள்ளே போகும் கதை முடிந்துவிட்டதால் இந்த விதிக்கு விலக்கே இல்லை. அதே மாதிரி, "அங்கிள், உங்க பொண்ணு சொன்னாங்க, மெயிலுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று எவனாவது பேசினால் அவருக்கே பொய் என்று தெரிந்துவிடும். பெண்ணுக்கு அந்த எண் தேவையே இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அப்புறம் அன்றாட நடைமுறை. அப்பா பெட்டிக்கு மெயில் வந்தால் உங்கள் போன் மணி அடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் குறித்துக்கொண்டு கணினியில் திறந்து பாருங்கள். அவர் பெட்டியில் "மகள் பார்த்தது" என்று தமிழிலேயே ஒரு லேபிள் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் பார்த்த முக்கியமான மெயிலுக்கு அதை ஒட்டிவிட்டால் அவருக்கும் தெரியும், உங்களுக்கும் எது பார்த்தது எது பார்க்காதது என்று தெரியும். மெயில் படிக்காததாகவே நிற்கும்படி வைத்திருப்பதால் இந்த அடையாளம் உங்களுக்குத் தேவைப்படும். அப்பா தனக்குப் புரியாத மெயிலுக்கு நட்சத்திரம் போட்டு வைக்கட்டும், நீங்கள் முதலில் நட்சத்திரங்களைப் பாருங்கள். எதையும் அழிக்காமல் இருப்பது என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள். தவறி அழித்தாலும் Trash பெட்டியில் 30 நாள் இருக்கும், எடுத்துவிடலாம்.

போன மாதம் தவறிய அந்த வரித்துறை மெயிலையே எடுத்துக்கொள்வோம். இப்போது அது வந்தால் என்ன நடக்கும்? செவ்வாய்க்கிழமை நீங்கள் திறக்கிறீர்கள், பெங்களூரு மையத்திலிருந்து வந்த மெயில் நிற்கிறது. அது 143(1) பிரிவின் கீழான இன்டிமேஷன் என்றால் ஒட்டியிருக்கும் பி.டி.எஃப். பூட்டியிருக்கும். அப்பாவின் பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியை நாள், மாதம், நான்கு இலக்க வருடம் என்று சேர்த்தால் திறக்கும். அவர் கணக்கிட்ட வரியும் துறை கணக்கிட்ட வரியும் அடுத்தடுத்த பத்திகளில் இருக்கும். இரண்டும் ஒன்றென்றால் லேபிளை ஒட்டிவிட்டுப் போகலாம். ரிட்டர்ன் குறைபாடுள்ளது என்று 139(9) பிரிவின் நோட்டீஸ் என்றால் சரிசெய்ய 15 நாள்தான். உடனே ஆடிட்டருக்கு அனுப்புங்கள், அப்பா முகவரியிலிருந்தே அனுப்பலாம். ஆனால் மெயிலின் முதல் வரியில் "நான் அவருடைய மகள், அவர் சார்பில் எழுதுகிறேன்" என்று சேர்த்துவிடுங்கள்.

ஆடிட்டருக்கும் மெடிக்ளெய்ம் ஏஜென்டுக்கும் இப்படி எழுதலாம். வங்கிக்குப் பணம் மாற்றச் சொல்லியோ எஃப்.டி.யை உடைக்கச் சொல்லியோ அவர் பெட்டியிலிருந்து எழுதாதீர்கள். மெயிலைப் பார்க்கும் அனுமதி கணக்கை இயக்கும் அனுமதி ஆகாது. அவருக்காக நீங்கள் வங்கி வேலை செய்ய வேண்டியிருந்தால் அதற்கு மேண்டேட் கடிதம் இருக்கிறது, அவரைக் கிளைக்கு அழைத்துப்போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம். மெயிலுக்கு வரும் வங்கி ஓ.டி.பி-யை எடுத்து நீங்களே பயன்படுத்துவதும் வேண்டாம். ரகசிய விவரங்களை வாடிக்கையாளரே பகிர்ந்து அதனால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை ஆகும் நஷ்டம் முழுதும் வாடிக்கையாளருடையது என்பது 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. எங்கள் அம்மா விஷயத்தில் இதை நேரில் பார்த்துவிட்டேன். அப்பா ஏற்கெனவே யாரிடமாவது எண் சொல்லியிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அன்றே, அந்த மணி நேரத்திலேயே சொல்ல வேண்டும்.

அண்ணனுக்கு வருகிறேன். உங்கள் பாஸ்வேர்டை அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள், அப்புறம் அதே பழைய கதை உங்கள் கணக்கில் ஆரம்பிக்கும். சாதாரண ஜிமெயிலில் 10 பேர் வரை சேர்க்கலாம், அவரைத் தனியாகச் சேர்த்துவிடலாம். ஆனால் சேர்க்கத்தான் வேண்டுமா என்பதை அப்பா தீர்மானிக்கட்டும். சென்னையில் இருந்து ஓடியாடிச் செய்பவர் நீங்கள். அண்ணனுக்கு இன்ஷூரன்ஸ் மெயில் மட்டும் தெரிந்தால் போதும் என்றால் டெலிகேஷன் தேவையில்லை. "Forwarding and POP/IMAP" தாவலில் அண்ணனின் முகவரியைச் சேர்த்தால் அவருக்கு ஒரு சரிபார்ப்பு எண் போகும். இந்த எண்ணை மட்டும் அவர் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். இங்கே சொல்பவர் அண்ணன், அப்பா யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பிறகு இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் முகவரியிலிருந்து வருவதை மட்டும் அனுப்பும்படி ஒரு ஃபில்டர் போட்டால் போதும். அன்றைக்குப் பிறகு வரும் மெயிலின் நகல் மட்டும் அவருக்குப் போகும், அப்பா பெயரில் பதில் எழுத முடியாது. "எல்லாவற்றையும் பார்க்காதே" என்று உங்களிடமே அப்பா சொன்னாலும் இந்த வழிதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த "Grant access to your account" பகுதியை அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள். கணக்குக்குள் புகுந்த திருடனும் தன் முகவரியை அங்கேதான் சேர்த்து வைப்பான், பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்தப் பட்டியல் அப்படியே இருக்கும். உங்கள் முகவரியைத் தவிர வேறு எது இருந்தாலும் பக்கத்தில் இருக்கும் "delete" அழுத்தி நீக்குங்கள். ஃபில்டர் பட்டியலிலும் ஃபார்வர்டிங்கிலும் நீங்கள் போடாத முகவரி ஏதும் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. உங்கள் அனுமதியை எப்போதாவது திரும்ப எடுக்க நினைத்தால் அப்பா அழுத்த வேண்டியதும் அதே "delete"தான். அதை அவருக்கு இப்போதே காட்டிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, கேட்கச் சங்கடமான ஒன்று. அப்பா நீண்ட நாள் படுத்துவிட்டாலோ இல்லாமல் போனாலோ அவர் கணக்கு என்னவாகும் என்பதற்கு டெலிகேஷனில் பதில் இல்லை. அதற்கு கூகுளிலேயே "Inactive Account Manager" என்று தனியாக இருக்கிறது, myaccount.google.com/inactive என்ற முகவரியில். 3, 6, 12, 18 மாதங்களில் ஒன்றை அப்பா தேர்ந்தெடுக்கலாம். அத்தனை மாதம் கணக்கு அசையாமல் கிடந்தால், அவர் குறித்து வைத்தவருக்கு கூகுள் தகவல் அனுப்பி, அவர் அனுமதித்த பகுதிகளை எடுத்துக்கொள்ளத் தரும். இதையும் அவரே, நினைவு தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டும். பாஸ்வேர்டு மாற்றும் அந்த இரண்டாவது ஞாயிறன்று, காபிக்குப் பிறகு பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.